நீர்க்கடுப்பு ஆரம்பிச்சாச்சு: கிரான்பெர்ரியையும் மூலிகை டீயையும் அதிகமாக்கினா போதுமா?

வெண்பா

எனக்கு 34 வயசு. கொஞ்ச வருஷமா யூரின் இன்ஃபெக்ஷன் திரும்பத் திரும்ப வருது. அதனால தினமும் காலையில ஒரு டம்ளர் கிரான்பெர்ரி ஜூஸ், சாயங்காலம் ஒரு மூலிகை டீ குடிக்கறது வழக்கம். டீ பாக்கெட்ல பேர்பெர்ரி இலை, நெட்டில், ஹார்ஸ்டெயில் மூணும் கலந்திருக்குன்னு போட்டிருக்கு. இது ரெண்டையும் ஆரம்பிச்ச பிறகு கொஞ்ச நாள் நிம்மதியாத்தான் இருந்தேன்.

நேத்து ராத்திரி மறுபடி ஆரம்பிச்சுடுச்சு. போகும்போது எரிச்சல், போயிட்டு வந்த உடனே மறுபடி போகணும் போல இருக்கு, ஆனா சொட்டு சொட்டாத்தான் வருது. அடிவயிறு கனமா இருக்கு. காய்ச்சல் இல்ல, முதுகு வலி இல்ல. கர்ப்பமும் இல்ல. ஆன்டிபயாட்டிக் எடுத்தாலே எனக்கு வயிறு கெட்டுப் போகும், அதனால இன்னைக்கு ஜூஸை மூணு டம்ளராவும் டீயை நாலு கப்பாவும் ஏத்தலாம்னு இருக்கேன். யாராவது இப்படிப் பண்ணி சரியாகியிருக்கா?

முரளி_கே

தாராளமா பண்ணுங்க. கிரான்பெர்ரி சிறுநீரை அமிலமாக்கிடும், அமிலத்துல கிருமி வாழாது. அவ்வளவுதான் விஷயம். கூடவே வைட்டமின் சி மாத்திரையும் போட்டா இன்னும் வேகமா வேலை செய்யும். எடுத்ததுக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் போட்டுப் போட்டுத்தான் இப்ப எந்த மருந்துக்கும் கிருமி அசையாம நிக்குது. உடம்புக்கு ஒரு வாய்ப்பு கொடுங்க.

சித்ரா_ர

நான் பண்ணியிருக்கேன். தண்ணியும் டீயும் நிறையக் குடிச்சு, வலிக்கு ஐபுப்ரோஃபன் போட்டுக்கிட்டு இருந்தேன், தானாவே போயிடுச்சு. எல்லாருக்கும் அப்படி ஆகுமான்னு தெரியல, ஆனா எனக்கு ஆச்சு.

டாக்டர் தேன்மொழி

வெண்பா, நான் குடும்ப மருத்துவர். நீங்க சொல்ற அறிகுறிகள் சிறுநீர்ப்பைத் தொற்று ஆரம்பிச்சதுக்குப் பொருத்தமா இருக்கு. ஜூஸையும் டீயையும் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். கிரான்பெர்ரி கிருமியைக் கொல்றதில்ல. அது செய்யறதா நாம நம்பற வேலை வேற.

இந்தத் தொற்றுல பெரும்பாலும் சிக்கறது ஈ.கோலைங்கற பாக்டீரியா. அதோட உடம்பு முழுக்க மெல்லிய மயிர் மாதிரி இழைகள் இருக்கு, அதோட நுனி சிறுநீர்ப்பைச் சுவரோட செல்கள்ல இருக்கற சர்க்கரை மூலக்கூறுகளைப் பிடிச்சுக்கும். பிடி கிடைச்சாத்தான் அது அங்க தங்க முடியும். கிடைக்கலைன்னா அடுத்த தடவை சிறுநீர் போகும்போது அதுவும் சேர்ந்து வெளியே போயிடும். கிரான்பெர்ரியில இருக்கற ஏ-வகை புரோஆன்தோசயனிடின்னு ஒரு பொருள் இந்தப் பிடிப்பைக் குறைக்குதுன்னு ஆய்வகத்துல காட்டியிருக்காங்க. எண்ணெய் கொட்டின தரையில கால் வைக்கறவன் வழுக்கற மாதிரி. அதாவது இன்னும் கால் ஊன்றாத கிருமிக்குத்தான் அது தொந்தரவு.

உங்களுக்கு எரிச்சல் வந்துடுச்சுன்னா, கால் ஊன்றும் கட்டம் முடிஞ்சது. கிருமி சுவர்ல ஒட்டி, பெருகி, சில நேரம் சுவர் செல்களுக்கு உள்ளேயே புகுந்து கூட்டமா இருக்கும். உடம்பு அதோட சண்டை போட ஆரம்பிச்சதாலதான் இந்த எரிச்சலும் அவசரமும். இப்ப நீங்க எத்தனை டம்ளர் குடிச்சாலும் ஒட்டினதை அது பிரிச்செடுக்காது, உள்ளே போனதைத் தேடிப் போகாது.

முரளி, அமிலக் கணக்கு ரொம்பப் பழைய விளக்கம். கிரான்பெர்ரி குடிச்சா சிறுநீர்ல ஹிப்யூரிக் அமிலம் கொஞ்சம் கூடும், அது உண்மை. ஆனா மனுஷங்க குடிக்கற அளவுல சிறுநீரோட அமிலத்தன்மை கிருமியை நிறுத்தற அளவுக்குக் கூடறதில்ல. ஈ.கோலை கொஞ்சம் அமிலமான சிறுநீர்லயும் நல்லாவே வளரும். ஆன்டிபயாட்டிக்கை அனாவசியமா எடுத்ததால எதிர்ப்பு வளர்ந்திருக்குன்னு நீங்க சொன்னது சரி. ஆனா அதுக்குத் தீர்வு, வந்த தொற்றுக்குச் சரியான மருந்தை, சரியான நாள் அளவுக்கு எடுக்கறது. தொற்றை வெச்சுக்கிட்டே காத்திருக்கறது இல்ல.

சித்ரா_ர

அப்ப எனக்கு எப்படிச் சரியாச்சு டாக்டர்?

டாக்டர் தேன்மொழி

சரியாகும் சித்ரா, அதை மறைக்கக் கூடாது. ஜெர்மனியில 2015ல வெளிவந்த ஒரு ஆய்வுல 494 பெண்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு முதல்ல ஐபுப்ரோஃபன், இன்னொரு பாதிக்கு ஒரே வேளை ஃபோஸ்ஃபோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக். ஐபுப்ரோஃபன் எடுத்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே மீண்டாங்க. உங்க அனுபவம் அந்த ரெண்டு பங்குல வருது.

ஆனா அதே ஆய்வோட மறுபக்கத்தையும் பாருங்க. ஐபுப்ரோஃபன் பக்கத்துல வலியும் எரிச்சலும் அதிக நாள் நீடிச்சது. சிறுநீரகம் வரை தொற்று ஏறினவங்க அந்தப் பக்கம் 5 பேர், ஆன்டிபயாட்டிக் பக்கம் ஒருத்தர். எண்ணிக்கை சின்னதுதான். ஆனா சிறுநீரகத் தொற்றுங்கறது குளிர்நடுக்கம், காய்ச்சல், விலாவுக்குக் கீழ வலின்னு ஆஸ்பத்திரி வரைக்கும் போகக்கூடிய விஷயம். அந்த அஞ்சு பேர் யாருங்கறதை முன்னாடியே கண்டுபிடிக்க நம்மகிட்ட வழி இல்ல.

இன்னொண்ணு, அந்த ஆய்வுல இருந்தவங்க டாக்டர் பார்த்து, கர்ப்பம் இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரக நோய் இல்லைன்னு வடிகட்டப்பட்டவங்க. தேவைப்பட்டா உடனே மருந்து கொடுக்க ஆள் இருந்தது. வீட்ல தனியா டீ குடிச்சுக்கிட்டு காத்திருக்கறது அந்த ஆய்வு இல்ல.

பாபு_நெ

நல்ல நேரத்துல இந்த உரையாடல் இழை கண்ணுல பட்டுச்சு. எங்க அப்பாவுக்கு யூரின் டியூப் போட்டு நாலு மாசம் ஆகுது, 78 வயசு. யூரின் கலங்கலா வருது, நாத்தம். டெஸ்ட் எடுத்தா எப்பவும் கிருமி இருக்குன்னு வருது. கிரான்பெர்ரி மாத்திரை தினமும் ரெண்டு கொடுக்கட்டுமா? இல்ல ஆன்டிபயாட்டிக் தொடர்ந்து கொடுக்கணுமா?

டாக்டர் தேன்மொழி

பாபு, உங்க அப்பா விஷயம் வெண்பா கேட்ட கேள்வி இல்ல, இது வேற தடம். டியூப் ரொம்ப நாள் இருந்தா கிருமி அதுல படலமா ஒட்டிக்கும், டெஸ்ட்ல எப்பவும் கிருமி தெரியத்தான் செய்யும். கலங்கலையும் நாத்தத்தையும் மட்டும் வெச்சு ஆன்டிபயாட்டிக் கொடுக்கறதில்ல. காய்ச்சல், நடுக்கம், புதுசா குழப்பம், விலாவிலோ அடிவயித்திலோ வலி இதுல ஏதாவது இருந்தாத்தான் தொற்றுன்னு பார்ப்போம். கிரான்பெர்ரியால அவருக்குப் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். டியூபை எப்ப மாத்தணும், எடுக்கவே முடியுமான்னு அவரைப் பார்க்கற டாக்டர்கிட்ட கேளுங்க. தனி இழை ஆரம்பிச்சா இன்னும் விவரமா பேசலாம்.

வெண்பா, நீங்க இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. மருந்தோட முதல் வேளைக்கு முன்னாடி சிறுநீர் கொடுத்துடுங்க.

லேப்_செல்வம்

டாக்டர் சொன்னதோட ஒரு விஷயம் சேர்த்துடறேன். நான் நுண்ணுயிரியல் லேப்ல, சிறுநீர்ல இருக்கற கிருமியை வளர்த்துப் பார்க்கற கல்ச்சர் தட்டு பார்க்கறவன். எங்ககிட்ட வர்ற சாம்பிள்ல நிறைய, தண்ணி மாதிரி இருக்கும். ஒரு லிட்டர் டீயைக் குடிச்சுட்டு வந்து கொடுத்தா கிருமியோட எண்ணிக்கை சிறுநீர்ல நீர்த்துப் போயிடுது. பழைய கணக்குல ஒரு மில்லியில 1,00,000 கிருமி வந்தா தொற்றுன்னு எழுதுவாங்க. அறிகுறி இருக்கற பெண்கள்ல அதுக்கு ரொம்பக் கீழ இருந்தாலும் தொற்றுதான். ஆனா ரிப்போர்ட்ல "குறைவான வளர்ச்சி"ன்னு வந்ததைப் பார்த்து, ஒண்ணுமில்லைன்னு பலர் நினைச்சுடறாங்க.

சிறுநீர்ல பட்டையை நனைச்சு நிறம் பார்க்கற ஸ்டிரிப் டெஸ்ட்லயும் அதே கதை. நைட்ரைட் கட்டம் நிறம் மாறணும்னா கிருமி சிறுநீர்ப்பையில நாலு மணி நேரமாவது சிறுநீரோட இருந்து வேலை செஞ்சிருக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போயிட்டு வந்தா அது நிறம் மாறாது. முரளி சொன்ன வைட்டமின் சி மாத்திரை அதிகமா போட்டிருந்தாலும் அந்தக் கட்டம் தப்பா நெகட்டிவ் காட்டும். ஸ்டிரிப் நெகட்டிவ்னு சொல்லி அனுப்பிட்டு கல்ச்சர்ல ஈ.கோலை மேயற கேஸ் நிறையப் பார்த்தாச்சு.

அதனால வெண்பா, போறதுக்கு முன்னாடி டீயை நாலு கப்பா ஏத்தாதீங்க. முன்பக்கத்துல இருந்து பின்பக்கமா துடைச்சுட்டு, முதல்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றதைப் பிடிங்க. ரெண்டு மணி நேரத்துல லேபுக்கு வந்துடணும், இல்லன்னா ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்லுங்க. மேசையில கிடந்தா ஒண்ணு ஆயிரமாகி எங்களுக்குப் பொய்க் கணக்கு வரும்.

வெண்பா

போயிட்டு வந்துட்டேன். சாம்பிள் கொடுத்தாச்சு. நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி., காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாளைக்குக் கொடுத்திருக்காங்க. சாப்பாட்டோட எடுக்கச் சொன்னாங்க. ஒரு சந்தேகம். எரிச்சலுக்குப் போன தடவை வாங்கின ஆல்கலைசர் சிரப் வீட்ல மீதி இருக்கு, அது குடிச்சா கொஞ்சம் இதமா இருக்கும். கூடவே எடுக்கலாமா?

டாக்டர் தேன்மொழி

இந்த மருந்தோட வேண்டாம். நைட்ரோஃபுரான்டாயின் அமிலமான சிறுநீர்லதான் நல்லா வேலை செய்யும். ஆல்கலைசர் அதைக் காரமாக்கி மருந்தோட வீரியத்தைக் குறைக்கும். இந்தச் சேர்க்கையை நிறையப் பேர் வீட்ல தெரியாமலே பண்ணிக்கறாங்க. வலிக்கு உங்களுக்கு ஒத்துக்கறதா இருந்தா பாராசிட்டமால் போதும்.

சாப்பாட்டோட எடுங்க, வயித்துக்கும் நல்லது, மருந்தும் நல்லா உறிஞ்சும். சிறுநீர் அடர் மஞ்சளாவோ பழுப்பாவோ போனா பயப்பட வேண்டாம், மருந்தோட நிறம் அது. சிறுநீரக வேலைத்திறன் குறைஞ்சவங்களுக்கு இந்த மருந்து ஒத்துக்காது, அதைக் கேட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க. இந்த மருந்து சிறுநீர்ல நிறையச் சேரும், ஆனா சிறுநீரகத் திசுவுக்குள்ள போதுமான அளவு போகாது. அதனால காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ, முதுகில் விலா எலும்புக்குக் கீழ ஒரு பக்கமா வலிச்சாலோ, வாந்தி வந்தாலோ, அஞ்சு நாள் முடியட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே போகணும். ரெண்டு நாள் ஆகியும் எரிச்சல் குறையவே இல்லைன்னாலும் கல்ச்சரைக் கேட்டுப் போய்ப் பாருங்க.

கௌசல்யா_அம்மா

எனக்கு 61 வயசு. வெண்பா, உன் வயசுல எனக்கு இது வரவே இல்ல, மாதவிடாய் நின்ன பிறகுதான் ஆரம்பிச்சது. கிரான்பெர்ரி, விதவிதமான டீ எல்லாம் குடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் பெரிசா மாறலை. கடைசியில டாக்டர் யோனியில வெக்கற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொடுத்தாங்க. ஆரம்பத்துல தினம், அப்புறம் வாரத்துல ரெண்டு தடவை. அதுக்கப்புறம்தான் நிம்மதி. இதை யாரும் பேசறதில்ல, வெட்கப்பட்டுக்கிட்டு டீயை மட்டும் குடிக்கறாங்க.

டாக்டர் தேன்மொழி

கௌசல்யா அம்மா சொன்னதுக்கு ரொம்பப் பழைய ஆதாரமே இருக்கு. மாதவிடாய் நின்ன பெண்கள்ல ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா யோனியில இருக்கற லாக்டோபாசில்லஸ்ங்கற நல்ல பாக்டீரியா காணாம போகும், அந்த இடத்துல ஈ.கோலை குடியேறும். 1993ல 93 பெண்களை வெச்சு நடந்த ஆய்வுல, யோனி ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போட்டவங்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 0.5 தடவை தொற்று, போலி க்ரீம் போட்டவங்களுக்கு 5.9. கிரான்பெர்ரி இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டினதா நான் பார்த்ததில்ல. மார்பகப் புற்றுநோய் இருந்தவங்க மட்டும் தங்களோட டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

முரளி_கே

அமில விளக்கம் பழசுன்னே வெச்சுக்கலாம் டாக்டர். ஆனா கிரான்பெர்ரி வேலை செய்யுதா இல்லையா? ஒரு தடவை வேலை செய்யாதுன்னு செய்தி வருது, ஒரு தடவை செய்யுதுன்னு வருது.

டாக்டர் தேன்மொழி

அந்தக் குழப்பம் நியாயம்தான் முரளி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கற காக்ரேன் குழு 2012ல தொகுத்தப்ப, தெளிவான பலன் இல்லைன்னு எழுதினாங்க. 2023ல அதையே புதுப்பிச்சாங்க. இந்தத் தடவை 50 ஆய்வுகள், கிட்டத்தட்ட 9,000 பேர். திரும்பத் திரும்பத் தொற்று வர்ற பெண்களுக்கு அறிகுறியோட, கல்ச்சர்ல உறுதியான தொற்று வர்ற வாய்ப்பு கால் பங்கு அளவு குறையுதுன்னு வந்தது. குழந்தைகள்ல அது இன்னும் அதிகம், பாதிக்கு மேல. முதியோர் இல்லத்துல இருக்கறவங்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நரம்புப் பிரச்சினையால சிறுநீர்ப்பையைச் சரியா காலி செய்ய முடியாதவங்களுக்கும் பலன் தெரியலை.

கால் பங்குன்னா என்ன? வெண்பாவுக்கு வருஷத்துக்கு நாலு தடவை வருதுன்னு வெச்சுக்கோங்க. தோராயமா மூணா குறையலாம். ஒண்ணு மிச்சம்கறது சின்ன விஷயம் இல்ல, ஒரு ஆன்டிபயாட்டிக் சுற்று மிச்சம். ஆனா மீதி மூணு வரத்தான் செய்யும். "தினமும் குடிச்சேன், ஆனாலும் வந்துடுச்சு"ங்கறது அந்த மூணுல ஒண்ணு. அதை வெச்சு கிரான்பெர்ரி பொய்ன்னும் சொல்ல முடியாது, அளவை ஏத்தினா சரியாகும்னும் சொல்ல முடியாது. தடுப்புக்கான ஆதாரம் தடுப்புக்கு மட்டும்தான். வந்த தொற்றைக் குணப்படுத்தும்னு காட்டற நல்ல ஆதாரம் இல்ல.

வெண்பா

நான் குடிக்கற ஜூஸ் பாட்டில்ல "கிரான்பெர்ரி காக்டெய்ல்"னு போட்டிருக்கு. இனிப்பா இருக்கும். அது சரியா?

டாக்டர் தேன்மொழி

காக்டெய்ல்ல பழச்சாறு பெரும்பாலும் மூணுல ஒரு பங்கோ அதைவிடக் குறைவோதான், மீதி தண்ணியும் சர்க்கரையும். சாறு மட்டும் இருந்தா ஒரு வாய் குடிக்க முடியாத அளவுக்கு புளிப்பும் துவர்ப்பும் இருக்கும், அதனாலதான் அப்படி விக்கறாங்க. ஆய்வுகள்ல பெரும்பாலும் பேசப்படற அளவு, நாளைக்கு 36 மி.கி. புரோஆன்தோசயனிடின். மாத்திரை வாங்கினா "கிரான்பெர்ரி சாறு 500 மி.கி."ன்னு போட்டிருக்கறதைப் பார்த்து ஏமாறாதீங்க, அது மொத்தத் தூளோட எடை. உள்ளே புரோஆன்தோசயனிடின் எவ்வளவுன்னு தனியா எழுதியிருக்கணும். எழுதலைன்னா என்ன வாங்கறோம்னு நமக்குத் தெரியாது. இந்த 36ங்கறதுதான் சரியான அளவான்னும் இன்னும் முடிவா ஆகலை, வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு அளவுல செஞ்சிருக்கு.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்க கிரான்பெர்ரியை அதிகமா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும். ஆக்சலேட் வகை சிறுநீரகக் கல் வந்தவங்களும் தினமும் நிறையக் குடிக்கறதைத் தவிர்க்கறது நல்லது.

நிலா_96

டி-மேனோஸ்ங்கற சர்க்கரைப் பவுடர் பத்தி யாரும் சொல்லலையே? அதுதான் பெஸ்ட்னு கேள்விப்பட்டேன். கிருமி அந்தச் சர்க்கரையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போயிடுமாம்.

டாக்டர் தேன்மொழி

தர்க்கம் அழகா இருக்கு நிலா. ஈ.கோலையோட அந்த இழை நுனி உண்மையிலேயே மேனோஸைத்தான் பிடிக்குது. அதனால எனக்கும் அது மேல எதிர்பார்ப்பு இருந்தது. ஆனா 2024ல வந்த ஆய்வுல, தொற்று திரும்பத் திரும்ப வர்ற 598 பெண்களுக்கு ஆறு மாசம் தினமும் 2 கிராம் கொடுத்தாங்க. தொற்றுக்காக மறுபடி டாக்டர்கிட்ட போனவங்க மேனோஸ் பக்கம் 51%, போலிப் பொடி பக்கம் 55.7%. அந்த வித்தியாசத்தைப் பலன்னு எடுத்துக்க முடியாது. சோதனைக் குழாயில நடக்கறது எல்லாம் உடம்புல நடக்கறதில்லைங்கறதுக்கு இது ஒரு நல்ல சாட்சி.

வெண்பா

இப்ப எரிச்சல் நல்லா குறைஞ்சிருக்கு. கல்ச்சர் வந்தாச்சு. ஈ.கோலை. நைட்ரோஃபுரான்டாயின், ஃபோஸ்ஃபோமைசின் இரண்டுக்கும் எஸ், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஆர். போன தடவை எங்க அத்தை வீட்ல மீதி இருந்த சிப்ரோ மாத்திரையைக் கொடுக்க வந்தாங்க, இப்ப நினைச்சா பயமா இருக்கு.

லேப்_செல்வம்

எஸ்னா அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர்னா அடங்காது. மத்தவங்க மிச்சம் வெச்ச மாத்திரையைப் பாதி நாள் போடறது எங்க தட்டுல தெரியும். கிருமி முழுசா சாகாது, கல்ச்சர்ல மட்டும் சரியா வளராது. டாக்டரும் குழம்பிடுவாங்க, நாங்களும்தான். ரிப்போர்ட்டை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அடுத்த தடவை எந்த மருந்துன்னு முடிவு பண்ண அது உதவும்.

சித்ரா_ர

பேர்பெர்ரி டீ மட்டும் என்ன ஆச்சுன்னு சொல்லலையே? பாட்டி வைத்தியம் மாதிரி எல்லா நாட்டிலயும் குடிக்கறாங்க.

டாக்டர் தேன்மொழி

டீ வகைகள்ல உண்மையான மருந்துப் பொருள் இருக்கறது பேர்பெர்ரி இலையிலதான். அதுல ஆர்ப்யூட்டின் இருக்கு. உடம்புல அது மாறி, சிறுநீர்ல ஹைட்ரோகுயினோன் வெளிவரும், அது கிருமிக்கு எதிரானது. அதாவது கிரான்பெர்ரி மாதிரி இல்ல, இது ஓரளவு கிருமிநாசினி வேலையைச் செய்யப் பார்க்குது. அதே காரணத்தாலதான் அதைத் தினமும் குடிக்கக் கூடாது. ஹைட்ரோகுயினோனை மாசக்கணக்கா உடம்புல ஓட்டறது நல்லது இல்லைன்னு ஐரோப்பிய மருந்து முகமை ஒரு வாரத்துக்கு மேல எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கு. கர்ப்பத்துலயும் கூடாது. வெண்பா, நீங்க தினமும் சாயங்காலம் குடிச்சது அந்த வரம்பைத் தாண்டினது.

சரி, ஆரம்பிச்ச தொற்றுக்குக் கொஞ்ச நாள் குடிச்சா? அதையும் பார்த்திருக்காங்க. ஜெர்மனியில 2021ல வந்த ஆய்வுல பேர்பெர்ரியை ஃபோஸ்ஃபோமைசினோட ஒப்பிட்டாங்க. ஆன்டிபயாட்டிக் பயன்பாடு ரொம்பக் குறைஞ்சது, அது உண்மை. ஆனா அறிகுறிச் சுமை அந்தப் பக்கம் அதிகம், சிறுநீரகம் வரை ஏறினவங்க 8 பேர், மறுபக்கம் 2 பேர். ஐபுப்ரோஃபன் ஆய்வோட அதே சாயல்.

நெட்டில், ஹார்ஸ்டெயில், டேன்டேலியன் எல்லாம் சிறுநீரை அதிகமாப் போக வைக்கும், தொற்றுத் தடுப்புக்கு நம்பும்படியான ஆதாரம் இல்ல. கெமோமில் குடிக்கறது வெதுவெதுப்பா இதமா இருக்கும், அதுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். கிரீன் டீயில கஃபீன் இருக்கு, எரிச்சல் இருக்கற நேரத்துல சிறுநீர்ப்பையை இன்னும் அவசரப்படுத்தும்.

முரளி_கே

அப்ப டீயில மிஞ்சறது வெந்நீர் மட்டும்தானா?

டாக்டர் தேன்மொழி

கேலியா கேட்டாலும் அதுல பாதி உண்மை இருக்கு. 2018ல ஒரு ஆய்வு. நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவா குடிச்சவங்க, தொற்று திரும்பத் திரும்ப வர்றவங்கன்னு 140 பெண்களை எடுத்தாங்க. பாதிப் பேர் வழக்கத்தைவிடக் கூடுதலா ஒன்றரை லிட்டர் தண்ணி குடிச்சாங்க. ஒரு வருஷத்துல அவங்களுக்குச் சராசரி 1.7 தடவை, மத்தவங்களுக்கு 3.2. ஏற்கனவே நிறையக் குடிக்கறவங்களுக்கு இது பொருந்தாது. இதய, சிறுநீரக நோய் இருக்கறவங்க கேட்காம தண்ணியை ஏத்தக் கூடாது. டீயைக் குடிச்சவங்களுக்குக் கிடைச்ச நன்மையில எவ்வளவு இலைக்கு, எவ்வளவு தண்ணிக்குன்னு பிரிக்கறது கஷ்டம். என் பந்தயம் தண்ணி மேலதான்.

வெண்பா, தனிப்பட்ட கேள்வி, பதில் போட வேண்டிய அவசியம் இல்ல. உறவுக்குப் பிறகுதான் பெரும்பாலும் வருதா? கருத்தடைக்கு விந்துக்கொல்லி ஜெல்லோ, அது தடவின ஆணுறையோ பயன்படுத்தறீங்களா? அது லாக்டோபாசில்லஸை அழிச்சு ஈ.கோலைக்கு இடம் விடும். அப்படி இருந்தா அந்த ஜெல்லை மாத்தறது உங்க ஜூஸ், டீ ரெண்டையும்விட அதிகம் உதவும்.

வெண்பா

ஆமா டாக்டர், அந்த வகைதான். இதுவரை யாரும் கேட்டதே இல்ல.

அஞ்சு நாள் முடிஞ்சதும் மாத்திரை முடிஞ்சிடும். அப்புறம் மறுபடி டெஸ்ட் எடுக்கணுமா? கிரான்பெர்ரியை எப்ப மறுபடி ஆரம்பிக்கலாம்?

டாக்டர் தேன்மொழி

அறிகுறி முழுசா போயிட்டா மறுபடி கல்ச்சர் வேண்டாம். அறிகுறி இல்லாம கிருமி மட்டும் தெரிஞ்சா அதுக்கு மருந்து கொடுக்கறது நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். விதிவிலக்கு கர்ப்பமும், சிறுநீர்ப் பாதையில செய்யற சில சிகிச்சைகளும். கிரான்பெர்ரியை மாத்திரை முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம், புரோஆன்தோசயனிடின் அளவு எழுதினதா பாருங்க. மூலிகை டீயில பேர்பெர்ரி இல்லாத பாக்கெட்டை எடுங்க. ஜெல்லை மாத்துங்க.

ஆறு மாசம் பாருங்க. அதுக்குள்ள ரெண்டு தடவையோ, ஒரு வருஷத்துல மூணு தடவையோ வந்தா மீதேனமைன் ஹிப்யூரேட் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அது ஆன்டிபயாட்டிக் இல்ல, அமிலமான சிறுநீர்ல ஃபார்மால்டிஹைடா மாறி கிருமியைத் தடுக்கும். 2022ல பிரிட்டன்ல 240 பெண்கள்ல பார்த்தப்ப, தினசரி குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக்கைவிடக் கொஞ்சம் பின்தங்கினாலும், மாற்றா எடுத்துக்கற அளவுக்கு அந்த வித்தியாசம் சின்னது.

நிலா_96

எனக்கு இன்னும் மேனோஸ்ல நம்பிக்கை இருக்கு டாக்டர், ரெண்டு வருஷமா வரலை. நிறுத்த மனசு வரல.

டாக்டர் தேன்மொழி

ரெண்டு வருஷமா வராததுக்குப் பல காரணம் இருக்கலாம் நிலா, இந்தத் தொற்றே சில பேருக்குத் தானா இடைவெளி விட்டு வரும். சர்க்கரை நோய் இல்லாம, வயிறும் ஒத்துக்கிட்டா எடுக்கறதைத் தடுக்க மாட்டேன். எரிச்சல் வந்தா மட்டும் பொடியோட நின்னுடாம சாம்பிள் கொடுத்துட்டு டாக்டரைப் பாருங்க.

பாபு_நெ

அப்பாவுக்குத் தனி இழை போட்டிருக்கேன் டாக்டர், நேரம் கிடைக்கும்போது பாருங்க. இன்னைக்கு ராத்திரி லேசா நடுக்கம் மாதிரி இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க.

டாக்டர் தேன்மொழி

நடுக்கம்னா இழைக்காகக் காத்திருக்காதீங்க பாபு. இப்பவே காய்ச்சல் பார்த்துட்டு, அவரை அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. டியூபைப் போட்ட தேதி, எடுக்கற மருந்துகள் பட்டியல் ரெண்டையும் கையில எடுத்துக்கோங்க.